பிஏவுக்குப் பின்னால் எத்தனை கூட்டல்?

அண்ணன் மகள் வள்ளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ அனுப்பியிருந்தாள். முதல் போட்டோவில் அவள் முகம்: வலது கன்னத்து எலும்பின்மேல் காப்பிப் பொடியைத் தூவித் துடைத்த மாதிரி ஒரு திட்டு. அடுத்தது சன்ஸ்கிரீன் ட்யூபின் முன்பக்கம். மூன்றாவது பின்பக்கம், அதில் பாதி எழுத்து ட்யூபின் வளைவோடு ஓடி மறைந்துவிட்டது. கீழே ஒரு கேள்வி.

"அத்தே, எஸ்பிஎஃப் 50 தான போடுதேன். பெறவும் ஏன் மங்கு வருது? ட்யூபு போலியா?"

பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக நிற்கிறேன். இதே கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். போலியாக இருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் அநேகமாக ட்யூப் சொன்னதைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். அது என்ன சொல்கிறது என்பதை நாம்தான் வேறு மாதிரி படித்துவிடுகிறோம். அவள் ட்யூபையே வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது 50. எஸ்பிஎஃப் என்ற எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆய்வுக்கூடத்தில் ஆட்களின் முதுகில் ஒரு சதுரத்தில் கிரீமைப் பூசுவார்கள், பக்கத்துச் சதுரத்தை வெறுமனே விடுவார்கள். சூரிய ஒளியைப் போன்ற விளக்கை அடித்துவிட்டு, மறுநாள் எந்தச் சதுரம் எவ்வளவு ஒளிக்குச் சிவந்தது என்று பார்ப்பார்கள். கிரீம் பூசிய இடம் சிவக்க, பூசாத இடத்துக்குத் தேவைப்பட்டதைப்போல் ஐம்பது மடங்கு ஒளி தேவைப்பட்டால் அது எஸ்பிஎஃப் 50. இன்னொரு விதமாகச் சொன்னால், சிவக்க வைக்கும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும், அதாவது நூற்றுக்கு இரண்டு. எஸ்பிஎஃப் 30 என்றால் நூற்றுக்கு மூன்றும் கொஞ்சமும். 15 என்றால் ஏழுக்குச் சற்றுக் குறைவு.

கவனித்தீர்களா, அளந்தது சிவப்பை. அந்தச் சோதனைக்கு எடுப்பதும் சிவப்பு பளிச்சென்று தெரிகிற வெளுத்த தோல்காரர்களைத்தான். வெயிலில் நின்றால் நமக்கு யாருக்காவது முகம் தக்காளியாய்ச் சிவக்கிறதா? நம்ம ஊரில் வெயிலில் அலைந்து வந்த பிள்ளையைப் பார்த்து ஆச்சி "என்னட்டி, இப்படிக் கறுத்துப் போயிட்ட" என்றுதான் கேட்பாள். சிவந்து போய்விட்டாய் என்று ஒரு ஆச்சியும் கேட்டதில்லை. எஸ்பிஎஃப் முக்கியமாகப் பேசுவது யுவிபி என்ற கதிரைப் பற்றி. தோலைச் சுடுவதும் சிவக்க வைப்பதும் அது. நம் தோலில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு நிறமி அந்த வேலையை ஓரளவு சும்மாவே செய்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு செய்கிறது என்பதற்கு ஒரு பழைய அளவீடு இருக்கிறது. 1979இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. கறுப்பின மக்களின் மேல்தோலையும் வெள்ளையரின் மேல்தோலையும் எடுத்து, எவ்வளவு கதிர் ஊடுருவுகிறது என்று பார்த்தார்கள். கறுத்த மேல்தோலில் யுவிபி நூற்றுக்கு ஏழு அளவில்தான் உள்ளே போனது. வெளுத்த தோலில் இருபத்து நாலு. கறுத்த தோலுக்குப் பிறவியிலேயே ஏறக்குறைய எஸ்பிஎஃப் 13 இருக்கிறது என்று இதிலிருந்துதான் சொல்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். இதைக் கேட்டுவிட்டு "அப்ப நமக்கு எதுக்கு கிரீமு" என்று எழுந்துவிட வேண்டாம், அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் கேளுங்கள். யுவிஏ என்ற கதிர் அதே கறுத்த மேல்தோலுக்குள் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் போனது. பிறவிக்குடை யுவிபிக்குப் பிடிக்கிற அளவு யுவிஏவுக்குப் பிடிப்பதில்லை.

யுவிஏ சுடாது, சிவக்கவும் அவ்வளவாக வைக்காது. அது உள்ளே போய் நிறமியைக் கிளப்பிவிடும். மங்கு கறுப்பது, முகப்பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி மாதக்கணக்கில் மறையாமல் நிற்பது இரண்டிலும் இதற்குப் பங்கு உண்டு. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம் நிறத்தாருக்கு வெள்ளைக்காரர்களைவிட மிகக் குறைவு. அந்தப் பயத்தைக் காட்டி நம்மிடம் சன்ஸ்கிரீன் விற்பது எனக்குப் பிடிக்காது. நிறத்தை வெளுக்க வைக்கும் என்று சொல்லி விற்பது அதைவிட மோசம். மங்கும் கரும்புள்ளியும் உள்ளவர்களுக்கு இதில் மெய்யான பயன் இருக்கிறது. அவர்கள் பார்க்க வேண்டிய குறியோ அந்தப் பெரிய 50க்குக் கீழே சின்னதாக இருக்கிறது.

பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். ஜப்பானில் 1996இல் தொடங்கிய முறை இது. இங்கேயும் ஆய்வுக்கூடத்தில் முதுகு, சதுரம், விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் விளக்கு யுவிஏ விளக்கு, பார்ப்பது சிவப்பை அல்ல. சில மணி நேரம் கழித்தும் கலையாமல் நிற்கிற கருமை எவ்வளவு ஒளிக்கு வந்தது என்பதைப் பார்க்கிறார்கள். நம் ஆச்சிமார் கேட்கும் கேள்வியை அப்படியே சோதனையாக்கியது போல இருக்கும். பூசாத இடம் கறுத்ததைப்போல் இரண்டிலிருந்து நாலு மடங்கு ஒளி தாங்கினால் ஒரு கூட்டல். நாலிலிருந்து எட்டு வரை இரண்டு, எட்டிலிருந்து பதினாறு வரை மூன்று. பதினாறும் அதற்கு மேலும் நாலு. நாலாவது கூட்டல் 2013இல்தான் சேர்ந்தது.

அவள் ட்யூபில் எத்தனை என்று கேட்டேன். "நாலு" என்றாள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளாஷ் வெளிச்சம் வளைவில் பட்டு ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்திருந்தது. அதற்கு இடப்பக்கம் இரண்டு கூட்டல் தெரிந்தன, வலப்பக்கம் ஒன்று பாதி தெரிந்தது. நடுவில் ஒன்று ஒளிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஜன்னல் பக்கம் நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், ட்யூபைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி மூன்று படமாக எடுக்கச் சொன்னேன். வந்த படத்தில் மூன்றே கூட்டல்தான்.

மூன்றும் நல்லதுதானே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். யுவிஏ தடுப்பு குறைந்தது எஸ்பிஎஃப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் 2006இல் வந்த பரிந்துரை. அதை எட்டுகிற ட்யூபில் ஒரு சிறு வட்டம் போட்டு அதற்குள் யுவிஏ என்று எழுதியிருப்பார்கள். 50இல் மூன்றில் ஒன்று பதினாறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைய. மூன்று கூட்டலோ பதினாறுக்குள் நின்றுவிடுகிறது. ஆக, எஸ்பிஎஃப் 50, பிஏவில் மூன்று கூட்டல் என்று ஒரு ட்யூப் தன்னைத்தானே சொல்லிக்கொண்டால், சிவப்பைத் தடுப்பதில் அது பயில்வான், கறுப்பதைத் தடுப்பதில் நடுத்தரம் என்று அர்த்தம். ஒருபக்கம் கனத்த காவடி. அவள் ட்யூபில் அந்த வட்டமும் இல்லை.

அதே அலமாரியில் எஸ்பிஎஃப் 30, நாலு கூட்டல் என்று ஒரு ட்யூப் இருந்தால், மாநிறமோ கறுப்போ உள்ள, மங்கு இருக்கிற ஒருவருக்கு நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். யுவிபியில் நூற்றுக்கு ஒன்றேகால் அளவு கூடுதலாக நுழையும், அதைப் பிறவி நிறமி பார்த்துக்கொள்ளும். யுவிஏவிலோ, எட்டு மடங்கு என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு நுழையும், பதினாறு என்றால் ஆறுதான். மூன்று கூட்டல் ட்யூபின் உண்மை எண் எட்டா பதினைந்தா என்று நமக்குத் தெரியாது, நாலாவது கூட்டல் அந்தச் சந்தேகத்தை எடுத்துவிடுகிறது. கடையில் வருகிறவர்கள் 30ஐப் பார்த்ததும் "அம்பது இல்லையா" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். பெரிய எண் என்றால் பெரிய மருந்து என்ற நினைப்பு.

வெறுமனே "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்று மட்டும் போட்டிருந்தால்? இரண்டு கதிருக்கும் வேலை செய்யும் என்கிறது, எந்த அளவுக்கு என்று சொல்லவில்லை. கூட்டலோ வட்டமோ இருந்தால் அதை நம்புவேன்.

இதையெல்லாம் சொன்னதும் அவள் ஒன்று சொன்னாள்: "அத்தே, நான் வெயில்லயே போவல. ஆபீஸ் வேன் ஏசி. கண்ணாடி மூடித்தான் இருக்கும்."

எந்தப் பக்கம் உட்காருகிறாய் என்று கேட்டேன். டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம், எப்போதும் அதே இடம். வள்ளியூரிலிருந்து நாங்குநேரி வழியாக நெல்லைக்கு வருகிற நாற்கரச் சாலை ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுகிறது. காலை எட்டரை மணிக்குச் சூரியன் கிழக்கே, அதாவது வலது கன்னத்தில். சாயங்காலம் வேன் தெற்கே திரும்பி வரும்போது சூரியன் மேற்கே. அதுவும் வலது கன்னத்தில். போகும்போதும் வரும்போதும் ஒரே கன்னம்தான் வெயில் காய்கிறது. முதல் போட்டோவில் திட்டு இருந்த பக்கம் எது என்று மறுபடி போய்ப் பாருங்கள்.

கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும். யுவிஏ பக்கவாட்டுக் கண்ணாடி வழியே தாராளமாக வரும். முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே ஒட்டுப்படலம் வைத்தது, அது யுவிஏவையும் பெரும்பாலும் தடுக்கும். பக்கத்துக் கண்ணாடி ஒற்றைத் தகடு. யுவிபி உச்சிப்பொழுதில் குவிந்து, காலையிலும் மாலையிலும் வெகுவாகக் குறைந்துவிடும். யுவிஏ அந்த அளவு ஏறி இறங்காது. இளவெயில்தானே என்று நாம் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். சூடு இல்லையே என்பதும் ஒரு கணக்கு இல்லை. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைக்காட்டில் ஆடி மாதம் நிற்கிறவர்களைக் கேளுங்கள். காற்று அடிக்கிற அடியில் வெயிலே உறைக்காது, ஒரு வாரத்தில் முகம் கறுத்துவிடும். காற்று தோலைக் குளிரவைக்கிறது, கதிரை ஒன்றும் செய்வதில்லை.

உச்சி வெயிலைப் பற்றி ஒரு சின்ன விலகல். நெல்லை பூமத்திய ரேகைக்கு எட்டே முக்கால் டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் வருஷத்தில் இரண்டு தடவை நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு முறை, ஆவணி நடுவில் ஒரு முறை. அன்றைக்கு மதியம் பன்னிரண்டே கால் இருபதுக்கு வெளியே நின்றால் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சித்திரை எல்லோருக்கும் தெரியும். ஆவணியில்தான் ஏமாந்துபோகிறோம்.

இனி, எந்தக் கூட்டலும் எந்த வட்டமும் சொல்லாத ஒரு விஷயம். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே, முக்கியமாக அதன் நீல ஓரம், கறுத்த தோலைக் கறுக்க வைக்கும். 2010இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாநிறத்திலிருந்து கறுப்பு வரை உள்ளவர்களின் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி உண்டாக்கிய கருமை, யுவிஏவால் வந்ததைவிட ஆழமாகவும் அதிக நாளும் நின்றது. வெளுத்த தோலில் அதே ஒளி கருமையே உண்டாக்கவில்லை. சன்ஸ்கிரீன் உலகம் வெள்ளைத் தோலை வைத்து வளர்ந்ததால், இதற்கென்று ட்யூபில் ஒரு முத்திரை இன்றுவரை பொதுவாக வரவில்லை. பூசினால் கண்ணுக்குத் தெரியாத கிரீம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை எப்படித் தடுக்கும்? ஒளி ஊடுருவுவதால்தானே அது தெரியாமல் இருக்கிறது. தடுக்க வேண்டுமானால் நிறம் வேண்டும், அதற்குப் போடுவது இரும்பு ஆக்சைடு. நம்ம தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நிறம் கொடுப்பதும் அதுதான்.

ட்யூபில் இதைக் கண்டுபிடிக்கப் பின்பக்கம் போக வேண்டும். பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதன் கடைசி வரிகளில் சி.ஐ. என்று தொடங்கும் ஐந்திலக்க எண்களைத் தேடுங்கள், அவை நிறப்பொருள்களின் எண்கள். 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தோலின் நிறம் வரும். ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: 77891 என்று ஒரு எண் இருக்கும். அது டைட்டானியம் டை ஆக்சைடு, வெறும் வெள்ளை. 77947 துத்தநாக ஆக்சைடு, அதுவும் வெள்ளை. இந்த இரண்டும் யுவி கதிரைத் தடுக்கிற நல்ல பொருள்கள்தான். ஆனால் நம் நிறத்தில் பூசினால் விபூதி பூசி அரைகுறையாய்த் துடைத்த மாதிரி சாம்பல் பூத்து நிற்கும். அதற்குக் கூச்சப்பட்டே நம் ஆட்கள் கொஞ்சமாகத் தொட்டுப் பூசுகிறார்கள். எண்களைத் தேடப் பொறுமை இல்லாதவர்கள் கிரீமை ஒரு வெள்ளைத் தாளில் பிதுக்கிப் பார்க்கலாம். பழுப்பாக இருந்தால் இரும்பு ஆக்சைடு இருக்கும். பால் வெள்ளை என்றால் இந்த வேலைக்கு ஆகாது. அவள் ட்யூபின் கடைசி வரியில் இருந்தது 77891 மட்டும்.

நிறம் கலந்தது வாங்கும்போது கடை டியூப்லைட்டில் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரம் கொஞ்சம் தடவி, வாசல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பெரும்பாலும் வெளிர் நிறத்தையே "மீடியம்" என்று போட்டு விற்கிறார்கள்.

அளவுக்கு வருகிறேன். அந்த முதுகுச் சோதனைகளில் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசிவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறார்கள். அட்டையில் உள்ள எண் அந்தக் கனத்துக்குச் சொந்தமான எண். முகம், காது, கழுத்து எல்லாம் சேர்த்துச் சுமார் அறுநூறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் குறைய வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும்.

அவளிடம் ட்யூப் எப்போது வாங்கினாய் என்றேன். பொங்கலுக்கு வாங்கியது, வைகாசி முடியப் போகிறது, இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். ட்யூபின் முன்பக்கம் கீழே 50 கிராம் என்று இருக்கிறது. முழுவதும் தீர்ந்ததாகவே வைப்போம். நூற்றைம்பது நாளில் ஐம்பது கிராம் என்றால் நாளொன்றுக்குக் கிராமில் மூன்றில் ஒரு பங்கு. பூச வேண்டியதில் கால்வாசியைவிடச் சற்றுத்தான் கூட. படலம் கால்வாசி ஆனால் தடுப்பும் குறைந்தது கால்வாசிக்கு இறங்கும். 50 பன்னிரண்டு பதிமூன்றாகும், மெல்லிய படலம் திட்டுத் திட்டாகப் பரவுவதால் உண்மையில் அதற்கும் கீழே போகலாம். யுவிஏ எண்ணும் கூடவே இறங்கும். எட்டில் கால்வாசி இரண்டு. மூன்று கூட்டல் ட்யூப் அவள் கன்னத்தில் ஒற்றைக் கூட்டலாக இருந்திருக்கிறது. சோதனையில் உள்ளபடி பூசினால் 50 கிராம் ட்யூப் நாற்பது தடவைக்கு மேல் வராது. கையைக் கடிக்கிற செலவுதான். கட்டுப்படியாகாது என்றால் கழுத்தைத் துப்பட்டாவுக்கு விட்டுவிட்டு, கிடைக்கிற கிரீமைக் கன்னம், நெற்றி, மூக்கு, மேலுதட்டில் முழு அளவாகப் போடச் சொல்வேன். மங்கு வரும் இடம் அநேகமாக அவைதான். ஒரே தடவையில் கோடு கோடாகப் போட்டால் வழுக்கும், அதனால் பாதியைப் பூசி, ஐந்து நிமிடம் விட்டு மீதியைப் பூசலாம்.

வாட்டர் ரெசிஸ்டன்ட் என்ற வார்த்தையைப் பார்த்துக் காலையில் பூசினது சாயங்காலம் வரை நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க விதிப்படி அதற்கு நாற்பது நிமிடம், கூடிப்போனால் எண்பது நிமிடம் தண்ணீரில் இருந்த பிறகும் அட்டையில் போட்ட எண் மிஞ்ச வேண்டும் என்று பொருள். அவ்வளவுதான். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. வெளியே நிற்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். அவள் மாதிரி அலுவலகத்துக்குள் உட்காருகிறவள் சாயங்காலம் வேன் ஏறுமுன் இன்னொரு தடவை பூசினால் போதும்.

மிச்சக் குறிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். மூடி திறந்த ஒரு குட்டி டப்பா படம், அதற்குள் 12, பக்கத்தில் எம் என்ற எழுத்து: திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று அர்த்தம். 6 என்றால் ஆறு மாதம். திறக்காத ட்யூபுக்கு உரிய கடைசித் தேதி வேறு, அது "யூஸ் பிஃபோர்" என்று மாதமும் வருஷமுமாக இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. திறந்த தேதியை ட்யூபிலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது, இல்லையென்றால் பொங்கலா தீபாவளியா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். பச்சைப் பொட்டு, சிவப்பு அல்லது பழுப்புப் பொட்டு சைவ அசைவக் குறி. மருந்துத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ட்யூபின் அடி விளிம்பில் பச்சை, கறுப்பு, நீலம் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் முழு ரசாயனம் என்று ஒரு செய்தி பல வருஷமாகக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அது நிரப்பும் எந்திரத்தின் கண்ணுக்காகப் போட்ட அடையாளம். ட்யூபை எந்தப் பக்கம் திருப்பி எங்கே நசுக்கி மூடுவது என்று எந்திரம் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. உங்களுக்கு வேண்டியது அதே விளிம்பில், நசுக்கிய மடிப்பின் மேல் மை இல்லாமல் அழுத்திப் பதித்த எண்கள். பல ட்யூப்களில் பேட்ச் எண்ணும் தேதிகளும் அங்கேதான். நேராகப் போட்டோ எடுத்தால் தெரியாது. விளிம்பைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி எடுத்தால் எண்கள் எழுந்து நிற்கும். போலியோ என்று சந்தேகம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த பேட்ச் எண்ணும், அட்டைப்பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றா என்பதையும், தயாரிப்பு உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்பதையும்.

அவள் ட்யூபில் எல்லாம் ஒத்துப்போனது, போலி இல்லை. ஆனால் அதை வைத்திருந்த இடத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேன் ஏறும் இடம் வரை ஸ்கூட்டியில் போவாளாம், வண்டியை அங்கே வெயிலில் விட்டுவிட்டு வருவாளாம், ட்யூப் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள். பகல் பூராவும் அடுப்பில் வைத்த மாதிரி. பிதுக்கினால் முதலில் மஞ்சள் தண்ணி மாதிரி வந்து பிறகு கிரீம் வருகிறதா என்றேன். "ஆமா அத்தே, குலுக்கிட்டுப் போடுவேன்." எண்ணெயும் நீரும் பிரிந்துவிட்ட கிரீம் எந்த எண்ணையும் காப்பாற்றாது. குலுக்கினாலும் பழையபடி சேராது. திப்பி திப்பியாக வந்தாலும், வாசனை மாறினாலும் அப்படித்தான். தூர எறியச் சொன்னேன்.

மங்குக்கென்று பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்த கிரீம் எதுவும் போடுகிறாயா என்றும் கேட்டு வைத்தேன், நல்லவேளை இல்லை. ஸ்டீராய்டு கலந்த அந்த ட்யூப்களை டாக்டர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் பூசித் தோல் மெலிந்து வருகிறவர்களைக் கவுன்டரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திட்டு கலைய டாக்டரிடம் போக வேண்டும். சன்ஸ்கிரீன் அதைக் கலைக்காது, மேலும் கறுக்காமல் பிடித்து நிறுத்தும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு போட்டோ வந்தது. நிழலில் எடுத்தது, பிளாஷ் இல்லை. புறங்கையில் ஒரு தீற்றல், பக்கத்தில் புது ட்யூப்.

"அத்தே, கூட்டல் நாலு. விரல் வச்சு எண்ணிட்டேன். பின்னால 77491, 92, 99 மூணும் இருக்கு. ஆனா கலரு சந்தனம் அப்புன மாதிரி இருக்கே?"

"அதுக்கு அடுத்த ஷேடு கேளு பிள்ள. அது கெடைக்க வரைக்கும் வேன்ல எடது பக்கமா உக்காரு."